முச்சந்தியில் கடைப் பேனர்: 120 அடி தூரத்திலிருந்து படிக்கும்படி வடிவமைப்பது

மதுரையில் முனிச்சாலைப் பக்கம் ஒரு முச்சந்தியில், வந்து முட்டும் தெருவுக்கு நேர் எதிரே, உறவினர் ஒருவர் நாட்டு மருந்துக் கடை வைத்தார். வீடு கட்டும்போது தெருக்குத்து என்று சொல்லிப் பலரும் ஒதுக்கும் இடம் அது. ஆனால் பேனர் வைப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது, ஏனென்றால் அந்தத் தெருவில் வருகிற ஒவ்வொருவரும் திரும்புவதற்கு முன் அந்தச் சுவரைத்தான் நேராகப் பார்த்தாக வேண்டும். அவ்வளவு வசதியான இடத்தில் அவர் முதலில் மாட்டிய பேனரை எதிர்த்தெருவின் நிறுத்தக்கோட்டில் நின்ற யாராலும் படிக்க முடியவில்லை. அதை வடிவமைத்துக் கொடுத்தவன் நான். கணினித் திரையில் மிக அழகாக இருந்த அந்தப் பேனர் ஏன் தெருவில் தோற்றது என்பதையும், இரண்டாவது முறை என்ன வரிசையில் வேலை செய்து அதைச் சரிசெய்தோம் என்பதையும், முதன்முதலாகக் கடைக்குப் பேனர் அடிக்கப் போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் தெருவை அளக்க வேண்டும்

ஃபிளக்ஸ் கடைக்குப் போவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் கடைச் சுவரிலிருந்து புறப்பட்டு, பேனரை எந்த இடத்திலிருந்து படிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அந்த இடம் வரை அளந்து பாருங்கள். டேப் இழுத்து அளக்கப் போக்குவரத்து விடாது என்பதால், உங்கள் நடையில் ஓர் எட்டு எத்தனை அடி என்று முதலில் வீட்டில் அளந்து வைத்துக்கொண்டு, காலை ஐந்தரை ஆறு மணிக்கு நடந்து எண்ணினால் போதும். எங்கள் கடைக்கு எதிர்த்தெருவின் நிறுத்தக்கோடு 110 அடியில் இருந்தது. இருசக்கர வாகனத்தில் வருகிறவர் கோட்டுக்குச் சற்றுப் பின்னால்தான் நிற்பார் என்பதால் 120 அடி என்று வைத்துக்கொண்டோம். இந்த ஓர் எண்ணைக் கொண்டுதான் பேனரின் மற்ற அளவுகள் எல்லாம் முடிவாகும்.

அடுத்து, அந்த இடத்தில் நிற்கிறவருக்கும் ஓடுகிறவருக்கும் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற ஆட்டோ ஒரு நொடியில் ஏறத்தாழ 23 அடி கடக்கிறது. 200 அடி தொலைவில் உங்கள் பேனர் கண்ணில் படத் தொடங்கி, 80 அடியில் ஓட்டுநர் திரும்புவதற்காகப் பார்வையை விலக்கிக்கொள்கிறார் என்றால் இடையில் இருப்பது ஐந்து நொடிக்குச் சற்று மேல். அந்த ஐந்து நொடியிலும் அவருடைய கண் பெரும்பாலும் சாலையில்தான் இருக்க வேண்டும், அதுதான் நமக்கும் நல்லது. ஆகவே உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நொடி. இரண்டு நொடியில் நான்கு சொற்களுக்கு மேல் படிக்க முடியாது என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கில் நிற்கிறவருக்கு இதைவிட அதிக நேரம் உண்டு, ஆனாலும் பேனரை அவருக்காக மட்டும் வடிவமைத்தால் ஓடுகிறவர் நமக்கு இல்லாமல் போவார்.

அளக்கும்போதே இன்னொன்றையும் கவனித்துக்கொள்ள வேண்டும். முச்சந்தியில் உங்கள் கடை வாசலை ஒட்டிப் போகிற சாலையிலும் வாகனங்கள் வருகின்றன. அவர்களுக்கு உங்கள் பேனர் நேராகத் தெரியாது, சாய்வாகத்தான் தெரியும். கடைச் சுவரிலிருந்து 30 அடி விலகி ஓடுகிற வாகனத்திலிருந்து, சாலை நெடுக 120 அடி முன்னால் இருக்கும்போது பார்த்தால், 12 அடி அகலப் பேனர் வெறும் 3 அடி அகலம் போலச் சுருங்கித் தெரியும். எழுத்தின் உயரம் அப்படியே இருக்கும், அகலம் மட்டும் கால் பங்காக நெருங்கிவிடும். தமிழ் எழுத்துகள் அகலத்தில்தான் தங்கள் அடையாளத்தை வைத்திருக்கின்றன. ‘ன’வையும் ‘ண’வையும் பிரித்துக் காட்டுவது பக்கவாட்டில் கூடுதலாக இருக்கிற ஒரு சுழி மட்டுமே. அந்த ஓட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு முகப்புப் பேனரை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயன் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் பணம் மிச்சமாகும். அவர்களுக்கான வழியைப் பிறகு சொல்கிறேன்.

என்ன எழுதுவது, எதைப் பெரிதாக எழுதுவது

என் முதல் பேனரில் கடைப்பெயர், பிள்ளையார் படம், மூலிகை உரல் படம், பதினொரு பொருள்களின் பட்டியல், இரண்டு செல்போன் எண்கள், முகவரி, ‘எங்களிடம் தரமான’ என்று தொடங்கும் ஒரு வரி என எல்லாமே இருந்தன. கடைக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் மறுக்காமல் சேர்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு வரி கூடும்போதும் மற்ற வரிகள் எல்லாம் கொஞ்சம் சிறுத்தன. முடிவில் அதிகப் பெரிய எழுத்தே ஐந்து அங்குலத்தில் நின்றது.

இரண்டாவது முறை அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “அண்ணாச்சி, உங்களைத் தெரியாத ஒருவர் இந்த வழியாகப் போகும்போது எதைத் தேடிக்கொண்டு போனால் உங்கள் கடைக்குள் வருவார்?” அவர் சற்றும் யோசிக்காமல், “நாட்டு மருந்து எங்கே கிடைக்கும்னுதான் தம்பி தேடுவாக” என்றார். அந்த இரண்டு சொற்கள்தான் பேனரில் பெரிதாக இருக்க வேண்டியவை. கடைப்பெயர் அதற்கடுத்த அளவில் வந்தால் போதும். பல தலைமுறையாக ஊரறிந்த கடை என்றால் பெயரைப் பெரிதாக வைப்பதில் நியாயம் உண்டு. புதிய கடைக்குத் தொழிலின் பெயரே முன்னால் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செல்போன் எண்ணை உயரத்தில் இருக்கிற பேனரிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன். ஓடுகிற வண்டியிலிருந்து பத்து இலக்கத்தை யாராலும் படித்து நினைவில் வைக்க முடியாது. எண் தேவைப்படுகிறவர் கடை பூட்டியிருக்கும்போது வாசலில் வந்து நிற்கிறவர்தான், ஆகவே அதை ஷட்டரின் மேல் கண் உயரத்தில் எழுதுவது சரி. பொருள்களின் பட்டியலுக்கும் அதே இடம்தான், அல்லது கடைக்குள் ஒரு பலகை.

தமிழில் எழுதுவது நம் விருப்பம் மட்டுமல்ல, விதியும்கூட. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இன்படி பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும், பிற மொழி சேர்ப்பதானால் அது தமிழுக்குக் கீழே வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்பவற்றுக்கு 5:3:2 என்ற விகிதத்தைப் பின்பற்றச் சொல்வது வழக்கம். தெருவில் படிக்கும் கணக்குக்கும் இது ஒத்துவருகிறது. இரண்டு மொழியையும் சம அளவில் வைத்தால் கண் எதை முதலில் பிடிப்பது என்று தடுமாறி, கிடைத்த இரண்டு நொடியில் பாதியை இழந்துவிடும்.

எழுத்தின் உயரம்

பலகை எழுதுகிறவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிற கணக்கு ஒன்று உண்டு. பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து வைத்தால் சிரமம் இல்லாமல் படிக்கலாம். கூர்மையான கண் உள்ளவர் அதைவிடச் சிறிய எழுத்தையும் நின்று நிதானித்துப் படித்துவிடுவார், ஆனால் முச்சந்தியில் யாருக்கும் நிதானம் கிடையாது. 120 அடிக்கு இந்தக் கணக்கின்படி 12 அங்குலம் வேண்டும்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிற இடம் வருகிறது. 12 அங்குலம் என்பது எழுத்தின் உடலுக்கு, அதாவது ‘ம’ என்ற எழுத்தின் உயரத்துக்கு. அதற்கு மேலே ‘ட்’, ‘ந்’ ஆகியவற்றின் புள்ளி நிற்கிறது, கீழே ‘டு’, ‘ரு’, ‘து’ ஆகியவற்றின் வால் இறங்குகிறது. டிசைனரிடம் “வரி 12 அங்குலம் வரட்டும்” என்று சொன்னால், அவர் புள்ளியின் உச்சியிலிருந்து வாலின் அடிவரை 12 அங்குலம் வைப்பார், அப்போது ‘ம’வுக்குக் கிடைப்பது எட்டு அங்குலத்துக்கும் குறைவு. என் முதல் பேனரில் நான் செய்த பிழையும் இதுதான். ஆகவே ‘ம’ இத்தனை அங்குலம் என்று சொல்லுங்கள், அப்போது குழப்பம் வராது.

இனி அகலத்தைப் பார்க்கலாம். நாங்கள் எடுத்துக்கொண்ட எழுத்துருவில் ‘நாட்டு மருந்து’ என்ற இரண்டு சொற்களின் மொத்த அகலம் ‘ம’வின் உயரத்தைப் போல ஏறத்தாழ 8.8 மடங்கு வந்தது. 12 அங்குலம் உயரம் என்றால் அகலம் 105 அல்லது 106 அங்குலம். எங்கள் சுவரில் கிடைத்த இடம் 12 அடி, அதாவது 144 அங்குலம். இரண்டு ஓரங்களிலும் சுமார் 19 அங்குலம் வெறுமையாக நின்றது. “தம்பி, இவ்வளவு இடம் வீணாகக் கிடக்கே” என்று கடைக்காரர் வருந்தினார். அந்த வெறும் இடம்தான் பக்கத்துக் கடைப் பேனரின் எழுத்தை நம் எழுத்திலிருந்து பிரித்து வைக்கிறது. கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கிற தெருவில் ஓரத்து வெற்றிடம் இல்லாத பேனர், அடுத்த பேனரின் தொடர்ச்சி போலப் படிக்கப்பட்டுவிடும்.

உங்கள் சொல் நீளமாக இருந்து 12 அங்குலத்தில் அடங்கவில்லை என்றால், எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கி ஒடுக்காதீர்கள். சொல்லை மாற்றுங்கள், அல்லது இரண்டு வரியாக்குங்கள். ‘எலக்ட்ரிக்கல்ஸ்’ போன்ற சொல் ஒரு வரி முழுவதையும் விழுங்கிவிடும். அதே கடைக்கு ‘மோட்டார்’, ‘ஒயர்’ என்று இரண்டு வரியாக எழுதினால் குறைந்த அகலத்தில் அதிகச் செய்தி போய்ச் சேரும்.

எங்கள் 4 அடி உயரத்தை இப்படிப் பங்கிட்டோம். மேல் ஓரம் 5 அங்குலம், அதன் கீழே கடைப்பெயர் 6 அங்குலம். கடைப்பெயர் ‘வைகை’ என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் புள்ளியும் இல்லை, வாலும் இல்லை என்பது வசதியாகப் போயிற்று. அதற்கும் பெரிய வரிக்கும் இடையே 6 அங்குலம், ஏனென்றால் பெரிய வரியின் புள்ளிகள் அந்த இடைவெளியில்தான் நிற்க வேண்டும். பிறகு ‘நாட்டு மருந்து’ 12 அங்குலம், வாலுக்கு 4, இடைவெளி 4, ஆங்கில வரி 5, கீழ் ஓரம் 6. கூட்டினால் 48. தாளில் இப்படி அங்குலக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு போனால், டிசைனர் தம் விருப்பத்துக்குப் பூவேலையைச் சேர்க்க இடமே இருக்காது.

புள்ளி தெரிய வேண்டும்

தொலைவில் தமிழைப் படிக்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளி. ‘நாட்டு’ என்பதில் புள்ளி மறைந்தால் ‘நாடடு’ என்றாகிறது. படிப்பவர் பழக்கத்தால் சரியாகப் புரிந்துகொள்வார் என்றாலும், அந்தத் தயக்கத்துக்கு அரை நொடி போய்விடும். அடுத்தபடியாக மறைவது ‘ண’, ‘ஞ’, ‘ணை’ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம். இவை இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே. கோடு தேவைக்கு மேல் தடித்துவிடுகிறது, அல்லது கோட்டைச் சுற்றி வேறு வண்ணத்தில் கரை கட்டி, நிழல் விழ வைத்து, தங்கத்தில் செதுக்கியது போலப் புடைக்க வைத்து அந்த வெற்றிடத்தை அடைத்துவிடுகிறார்கள்.

கோட்டின் தடிமன் ‘ம’வின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு அல்லது ஏழில் ஒரு பங்கு இருந்தால் நன்றாகப் படிக்கலாம். 12 அங்குல எழுத்துக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மேலும் கீழும் ஒரே தடிமனாக ஓடுகிற எளிய எழுத்துருவாகப் பாருங்கள், தூரிகையால் எழுதியது போல மெலிந்து தடிக்கிற எழுத்துருவில் மெல்லிய பகுதி 120 அடியில் கரைந்துவிடும். புள்ளி வட்டமாக உள்ளே வெறுமையோடு இருக்கக் கூடாது, நிரப்பிய பொட்டாக இருக்க வேண்டும். அதன் விட்டம் கோட்டின் தடிமனுக்குக் குறையக் கூடாது. எழுத்துருவில் புள்ளி சிறியதாக இருந்தால், எழுத்தை வளைகோடுகளாக மாற்றிய பிறகு புள்ளியை மட்டும் பிடித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். `CorelDRAW`-வில் `Ctrl+Q` அழுத்தினால் எழுத்து வளைகோடாக மாறிவிடும், அதன்பின் `Shape` கருவியால் ஒவ்வொரு புள்ளியின் கணுக்களையும் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் இரண்டாவது பேனரில் இரண்டே புள்ளிகள்தான் இருந்தன. இரண்டையும் இரண்டே கால் அங்குலத்துக்குப் பெரிதாக்கி, எழுத்தின் தலையிலிருந்து சிறிது மேலே தூக்கி வைத்தோம். திரையில் அது கொஞ்சம் மிகையாகத் தெரிந்தது, தெருவில் மிகச் சரியாக இருந்தது.

வளைகோடாக மாற்றுவதில் வேறொரு பயனும் உண்டு. வடிவமைத்த கணினியில் இருக்கிற எழுத்துரு அச்சடிக்கிற கணினியில் இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ மாறி வந்து நிற்கும். `Photoshop`-இல் வேலை செய்தால், கொம்பு எழுத்துகள் இடம் மாறி நிற்கின்றனவா என்று பாருங்கள். ‘கொ’வின் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நின்றால், `World-Ready Layout` என்பதைத் தேர்ந்தெடுத்துப் புதிய கோப்பில் தட்டெழுத வேண்டும். டிசைனர் பழைய எழுத்துருவில் மறுபடியும் தட்டெழுதினால் ஒற்று விடுபடுவது மிகச் சாதாரணம். ‘மருந்துக் கடை’ என்பதில் ‘க்’ இருக்கிறதா என்று அச்சுக்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

வண்ணம்

வண்ணத்தைப் பற்றிப் பலரும் நிறைய பேசுவார்கள், ஆனால் தொலைவில் வேலை செய்வது நிறத்தின் அழகைவிட வெளிச்ச வேறுபாடுதான். கரும்பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து வைத்தேன் முதல் முறை, மூலிகை என்பதால் பச்சை, கண்ணைக் கவர்வதற்குச் சிவப்பு என்று நினைத்து. இரண்டும் ஒரே அளவு இருட்டு. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வடிவத்தைச் செல்போனில் படமாக வைத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்தும் பின்னணியும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டால் அந்த இணை தெருவில் நிற்காது. மஞ்சளில் கருப்பு, வெள்ளையில் கருநீலம், கரும்பச்சையில் வெள்ளை ஆகியவை எப்போதும் தேறும்.

பிறகு அக்கம்பக்கத்துப் பேனர்களைப் பாருங்கள். எங்கள் இடத்துக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் பேனர்கள் இருந்தன. மஞ்சளில் கருப்பு நல்ல இணைதான் என்றாலும் அங்கே வைத்திருந்தால் மூன்றும் ஒன்றாகக் கரைந்திருக்கும். ஆகவே கரும்பச்சையில் வெள்ளை எழுத்து என்று முடிவு செய்தோம். மதுரை வெயிலில் ஃபிளக்ஸின் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும் என்பதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். கடை மேற்குப் பார்த்தது என்றால் மாலை வெயில் நேராகப் பேனரில் அடிக்கும், பளபளப்பான ஃபிளக்ஸில் அது கண்ணாடி போலத் திரும்பி எழுத்தை அழித்துவிடும் என்பதால் மங்கலான பரப்புள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஐந்து அடியில் சோதனை

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். முடிந்த வடிவத்தைச் செல்போனில் படுக்கைவாட்டில் வைத்து, பேனரின் அகலம் திரையில் சரியாக 6 அங்குலம் வருமாறு ஸ்கேல் வைத்து அளந்து பெரிதாக்குங்கள். திரை சிறியதாக இருந்தால் தாளில் 6 அங்குலம் வரும்படி அச்சடித்துக்கொள்ளலாம். 12 அடி 6 அங்குலமாகச் சுருங்கினால் 24-இல் ஒரு பங்கு. தூரமும் அதே அளவு சுருங்க வேண்டும், 120 அடியை 24-ஆல் வகுத்தால் 5 அடி. செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஐந்து அடி தள்ளி நின்று பாருங்கள். முச்சந்தியில் நிற்கிறவர் கண்ணுக்கு உங்கள் பேனர் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அதே அளவுதான் இப்போது உங்கள் கண்ணுக்கும் தெரிகிறது.

வடிவத்தை நீங்களே பார்த்துப் பயனில்லை, ஏனென்றால் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கடையைப் பற்றித் தெரியாத ஒருவரை ஐந்து அடியில் நிறுத்தி, திரையை இரண்டு நொடி காட்டி மறைத்துவிட்டு, என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள். வெள்ளெழுத்து விழுந்த வயதில் இருப்பவர் ஒருவரையும், தூரப்பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர் ஒருவரையும் அதைக் கழற்றாமல் கேட்டுப் பாருங்கள். என் முதல் பேனரைப் பின்னால் இப்படிச் சோதித்தபோது பக்கத்து வீட்டு அத்தை, “பச்சையா ஏதோ இருக்கு, சாமி படம் தெரியுது” என்றார். இரண்டாவதைக் காட்டியபோது “நாட்டு மருந்து” என்று உடனே சொன்னார், கடைப்பெயரைச் சொல்லவில்லை. அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சோதனையில் தேறிய பிறகு கோப்பைக் கொடுக்கலாம். உண்மை அளவில் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள் இருந்தால் ஃபிளக்ஸுக்குப் போதும், 12-க்கு 4 அடி என்றால் 10368-க்கு 3456 என்று வரும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

மாட்டும் உயரமும் சட்டமும்

பேருந்து மறைக்கிறது, இன்னும் உயரத்தில் வைக்கலாம் என்று பலரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. நகரப் பேருந்தின் உயரம் சுமார் 10 அடி, இருசக்கர வாகனத்தில் இருப்பவரின் கண் உயரம் சுமார் 4.5 அடி. பேருந்து உங்கள் கடையருகே, பேனரிலிருந்து 15 அடியில் நிற்கிறது என்றால், 110 அடியிலிருந்து பார்ப்பவரின் பார்வை அதன் தலைக்கு மேலாகச் சென்று சுவரில் சுமார் 11 அடி உயரத்தில் விழும். பேனரின் கீழ் விளிம்பை 11 அடிக்கு மேல் வைத்தால் அந்தப் பேருந்து மறைக்காது. ஆனால் அதே பேருந்து பார்ப்பவருக்கு 20 அடி முன்னால் நின்றால் பார்வை சுவரில் 34 அடி உயரத்துக்கு மேல் போய் விழும், அவ்வளவு உயரத்தில் வைக்க உங்களிடம் மூன்று மாடி வேண்டும். அந்த மறைப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும், பேருந்து நகர்ந்ததும் பேனர் தெரியும். ஆகவே 11 அடிக்கு மேலே ஏற்றுவதால் கிடைக்கும் பயன் குறைவு, தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டிய சிரமம்தான் கூடுகிறது.

சட்டத்துக்கு ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாய் எடுத்து, இரண்டு அல்லது இரண்டரை அடிக்கு ஒரு நெடுக்குக் குழாய் வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். ஃபிளக்ஸைப் பின்பக்கம் மடித்து இழுத்துக் கட்ட வேண்டும். ஓரத்தில் ஐலெட் என்கிற உலோக வளையம் அடித்துக் கயிற்றில் தொங்கவிட்ட பேனர் ஆடிக் காற்றில் அலையடிக்கும், அலையடிக்கிற பரப்பில் எழுத்தும் அலையும். மின்கம்பத்திலோ தெருவிளக்குக் கம்பத்திலோ கட்டவே கூடாது.

வாசலை ஒட்டிய சாலையில் சாய்வாக வருகிறவர்களுக்குச் சுவரிலிருந்து செங்குத்தாக நீட்டிக்கொண்டு நிற்கும் இருபக்கப் பலகை ஒன்று வேண்டும். 3 அடி அகலம், 2.5 அடி உயரத்தில் ‘நாட்டு’ என்று ஒரு வரி, ‘மருந்து’ என்று ஒரு வரி, வேறு எதுவும் வேண்டாம். ‘ம’ 6 முதல் 6.5 அங்குலம் வரும், 60 அடிக்கு மேல் படிக்கலாம். இடம் குறைவு என்று எழுத்துகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினால் படிக்கும் நேரம் பெருகிவிடும், அதிலும் ‘நா’வின் காலைத் தனியாகப் பிரித்து அடுத்த வரியில் போட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பலகை நடைபாதைக்கு மேலோ சாலைக்கு மேலோ நீளுமானால் மாநகராட்சியிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற வேண்டும். எங்கள் பலகையை முன்பக்கச் சன்ஷேடின் விளிம்புக்குள்ளேயே அடக்கிவிட்டோம்.

இரவு

பகலில் தேறிய பேனரை மாலை ஏழு மணிக்கு அதே நிறுத்தக்கோட்டில் நின்று மறுபடியும் பார்க்க வேண்டும். முன்னால் இருந்து விளக்கடிப்பதானால் இரண்டு எல்.இ.டி. விளக்குகளைக் கம்பி நீட்டி, பேனரிலிருந்து விலக்கி மேலிருந்து கீழாகச் சாய்த்து வைப்பது வழக்கம். சுவரோடு ஒட்டி வைத்தால் மேல் வரி கண் கூசும் அளவுக்கு வெளுத்து, கீழ் வரி இருளில் கிடக்கும். உள்ளிருந்து ஒளிரும் பெட்டிப் பலகை என்றால் கோட்டைப் பகலுக்கு வைத்ததைவிட மெலிதாக்க வேண்டும், ஒளிர்கிற வெள்ளை எழுத்து இரவில் தடித்துத் தெரிந்து சுழிகளை அடைத்துவிடும்.

எங்கள் பேனரை மாட்டிய அன்று மாலை நானும் கடைக்காரரும் எதிர்த்தெருவில் போய் நின்று பார்த்தோம். வெளிச்சம் சீராக விழுந்திருந்தது, ஆனால் ‘நாட்டு’ மட்டும் ‘நாடடு’ என்று தெரிந்தது. அருகில் வந்து அண்ணாந்து பார்த்தபோது இடது விளக்கைத் தாங்கிய கம்பியின் நிழல் சரியாக ‘ட்’டின் புள்ளி மேல் விழுந்திருந்தது. மறுநாள் காலையில் எலக்ட்ரீஷியனை வரவழைத்து அந்தக் கம்பியை இடப்பக்கம் நகர்த்தி, ஓரத்து வெற்றிடத்தில் நிழல் விழுமாறு மாட்டினோம்.